தேதி மட்டும் பார்க்கிறவர்களுக்கு

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் ஆலங்குளத்தைத் தாண்டிப் போகும் வண்டிகள் கூடிவிடும். சாலையோரக் கடைகளில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். கூடவே, உணவுப் பாதுகாப்புத் துறையினர் கடைகளில் சோதனை செய்து காலாவதியான பொருட்களைப் பறிமுதல் செய்தார்கள் என்ற செய்தியும் வரும். இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகளாகப் படித்ததில் நம்மிடம் ஒரு கருத்து உறைந்து போயிருக்கிறது. பாக்கெட்டில் போட்டிருக்கும் கடைசித் தேதி தாண்டவில்லை என்றால் பொருள் நல்லது, தாண்டிவிட்டால் நஞ்சு, அந்த ஒரு தேதியைப் பார்த்தால் போதும் என்பதே அது. நுகர்வோர் விழிப்புணர்வு என்று மேடையேறிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதுவே சொல்லித் தரப்படுகிறது. இந்தக் கருத்தின் இரண்டு பாதிகளும் தவறு. அதைவிட மோசம், தேதியிலேயே கண்ணை நிறுத்தியதால் அதற்கு மேல்வரியில் இருக்கும் பேட்ச் எண்ணை நாம் வாசிப்பதே இல்லை. ஆபத்து என்று ஒன்று வரும்போது நமக்குப் பயன்படுவது அந்த எண்தான்.

முதலில் தேதி எப்படி வருகிறது என்று பார்க்கலாம். அதை அரசு குறித்துத் தருவதில்லை. தயாரிப்பாளர்தான் தன் பொருளைச் சில மாதங்கள் வைத்துச் சோதித்து, அல்லது கூடுதல் வெப்பத்தில் வைத்துச் சீக்கிரமாக முதுமையடையச் செய்து, எப்போது எண்ணெய் சிக்குவாடை அடிக்கிறது, எப்போது மொறுமொறுப்பு போகிறது, எப்போது கிருமி பெருகுகிறது என்று கணக்கிட்டு ஒரு காலத்தை முடிவு செய்கிறார். அந்தக் காலம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்றோ, குளிரூட்டி வைக்கவும் என்றோ பாக்கெட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் வரிதான் அந்த நிபந்தனை. அது மீறப்பட்டால் தேதியும் செல்லாது. எண்ணெய் கெடும் வேகம் பத்து டிகிரி வெப்பம் ஏறினால் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. அப்படியானால், மே மாத வெயிலில் கடை முகப்பில் ஒளி ஊடுருவும் உறையில் தொங்கிய சிப்ஸுக்கு மூன்று மாதம் என்று அச்சிட்டிருந்தால், அதை மூன்று மாதமாக எடுத்துக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. தேதிக்கு உள்ளேயே அது கெட்டிருக்கும். பிரித்தால் வாடை சொல்லிவிடும். பிரிப்பதற்கு முன்பே உறை காற்றுப் போய்த் தொய்ந்திருந்தால், ஓரத்து ஒட்டு விட்டுப் போய் உள்ளே அடைத்த நைட்ரஜன் வெளியேறியிருக்கிறது என்று சந்தேகிக்கலாம். சாரல் காலத்து ஈரக்காற்று அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வழியாகத்தான் உள்ளே போகிறது.

இனி மறுபாதி, தாண்டினால் நஞ்சு என்பது. 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு லேபிள் விதிகள் இரண்டு வகைத் தேதிகளைத் தெளிவாகப் பிரித்திருந்தன. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது பொருளின் தரம் குறையாமல் இருக்கும் கால எல்லை. அது கடந்த பிறகும் உணவு முற்றிலும் பாதுகாப்பானதாக இருக்கக்கூடும் என்று விதியே சொன்னது. 'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பயரி' என்பது வேறு. அதைத் தாண்டிய பொருளுக்குத் தரமும் பாதுகாப்பும் எதிர்பார்க்கத்தக்க அளவில் இராது, விற்கவும் கூடாது. ரஸ்க், அப்பளம், தேன் போன்றவை இயல்பாக முதல் வகையைச் சேர்ந்தவை. பால், பன்னீர், பாக்கெட் இட்லி மாவு போன்றவை இரண்டாவது வகை. ரஸ்க் தேதி தாண்டி ஒரு வாரம் ஆனால் நமத்துப் போயிருக்கலாம், அவ்வளவுதான். பால் தேதி தாண்டுவதற்கு முன்பே, மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாத ஒரு பகலில் கெட்டுப்போகலாம். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் காலாவதி என்று அழைத்து, ரஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட்டு, தேதி இருக்கிறதே என்று அந்தப் பாலைக் காய்ச்சுவதுதான் நடப்பில் உள்ள கருத்தின் விளைவு.

2020இல் வந்த லேபிளிங் மற்றும் காட்சிப்படுத்தல் விதிகள் இந்த இடத்தில் நமக்கு உதவவில்லை, குழப்பத்தைக் கூட்டின என்றே சொல்வேன். தயாரித்த அல்லது பொட்டலமிட்ட தேதியும் எக்ஸ்பயரி அல்லது யூஸ் பை தேதியும் கட்டாயம் என்றும், 'பெஸ்ட் பிஃபோர்' விரும்பினால் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம் என்றும் அவை மாற்றின. சர்க்கரை, வினிகர், பத்து விழுக்காடோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள மது போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. இதனால் இன்று மிளகாய்த்தூளும் பாலும் ஒரே 'எக்ஸ்பயரி' என்ற முத்திரையைச் சுமக்கின்றன. கடைக்காரர் விற்பதை நிறுத்த வேண்டிய நாள் எது என்பதில் சந்தேகம் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையம் நினைத்திருந்தால், அந்த நோக்கம் நியாயமானதே. ஆனால் கடைக்கான விதியும் அடுக்களைக்கான விதியும் ஒன்றல்ல. பிரிட்டனில் 2022இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் முந்நூறுக்கும் மேற்பட்ட காய்கனிப் பொருட்களில் பெஸ்ட் பிஃபோர் தேதியையே எடுத்துவிட்டது. உண்ணத் தகுந்ததை மக்கள் தேதி பார்த்து வீசுகிறார்கள் என்பதே காரணம். கலிபோர்னியா 2024இல் இயற்றிய சட்டம், தரத்துக்கு ஒரு சொல், பாதுகாப்புக்கு ஒரு சொல் என்று பிரித்துத்தான் ஆக வேண்டும் என்கிறது. நாம் கையிலிருந்த பிரிவினையைத் தளரவிட்டோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலுவானதும்கூட. தேதி தாண்டியதும் சில சமயம் நல்லதே என்று எழுதினால், அதைப் பிடித்துக்கொண்டு வியாபாரிகள் பழைய சரக்கைத் தள்ளிவிட மாட்டார்களா? மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, எக்ஸ்பயரி தாண்டி விற்ற பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்கிறது. பொருள் ரஸ்க்கா பாலா என்று அது பார்ப்பதில்லை. பிரித்துப் பார்க்கும் உரிமை வாங்கியவருக்குத்தான், விற்பவருக்கு இல்லை. அதே பிரிவை இன்னும் சற்றுக் கீழே படித்தால் பலரும் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. எந்தத் தயாரிப்பாளரிடமிருந்து அல்லது விநியோகஸ்தரிடமிருந்து வந்தது என்று அடையாளம் காட்ட முடியாத பொருளுக்கும் விற்றவர் அதே போலப் பொறுப்பு. சட்டத்தின் கணக்கில் தேதி தாண்டிய பாக்கெட்டும் ஊர்பேர் தெரியாத பாக்கெட்டும் ஒரே வரிசையில் நிற்கின்றன. பறிமுதல் செய்திகளில் முதலாவது மட்டும்தான் தலைப்பாகிறது.

ஊர்பேர் தெரிய வைப்பது பேட்ச் எண். ஒரே மூலப்பொருளில், ஒரே நேரத்தில், ஒரே இயந்திரத்தில் ஓடிய சரக்குக்கு ஒரு பேட்ச் என்று பெயர். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஒரு பேட்சில் ஒரு பகுதி பாதுகாப்பற்றது என்று தெரிந்தால், விரிவாக ஆய்வு செய்து மாறாக நிறுவும்வரை அந்த பேட்ச் முழுவதும் பாதுகாப்பற்றது என்றே கொள்ள வேண்டும் என்கிறது. அதாவது பொருளைத் திரும்பப் பெறுவதும் கடையிலிருந்து அகற்றுவதும் பேட்ச் வாரியாகத்தான் நடக்க வேண்டும். தேதிக்கு அங்கே வேலை இல்லை.

மேகி விவகாரத்தை இந்தக் கண்ணால் திரும்பப் பார்ப்பது நல்லது. உத்தரப் பிரதேசத்தின் பாரபங்கியில் 2014 மார்ச்சில் ஒரு மாதிரி எடுக்கப்பட்டது. அது 2014 பிப்ரவரியில் தயாரான பேட்ச், அதன் பெஸ்ட் பிஃபோர் அந்த ஆண்டு நவம்பர். கொல்கத்தா ஆய்வகம் அதில் ஈயம் 17.2 பிபிஎம் இருப்பதாகச் சொன்னபோது 2015 பிறந்துவிட்டது. அனுமதிக்கப்பட்ட அளவு 2.5. அந்த முடிவு சரியென்றே வைத்துக்கொண்டால், அந்த பேட்சின் பாக்கெட்டுகளை வாங்கியவர்கள் அனைவரும் தேதியைப் பார்த்து, தேதிக்குள்ளேயே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். தேதி அவர்களில் ஒருவரையும் காப்பாற்றியிருக்காது. பிறகு நடந்தது தெரிந்ததே. 2015 ஜூன் 4 அன்று தமிழ்நாடு மூன்று மாதத் தடை விதித்தது, மறுநாள் நாடு முழுவதும் தடை வந்தது, ஆயிரக்கணக்கான டன் அழிக்கப்பட்டது. ஆகஸ்ட் 13 அன்று மும்பை உயர் நீதிமன்றம் தடையை ரத்து செய்து, அங்கீகாரம் பெற்ற மூன்று ஆய்வகங்களில் மீண்டும் சோதிக்கச் சொன்னது. அந்த மாதிரிகள் எல்லாமே வரம்புக்குள் இருந்தன. இத்தனைக்கும் நடுவில், என் வீட்டு அலமாரியில் இருக்கும் பாக்கெட் எந்த பேட்ச் என்று நம் ஊர்களில் யாரும் திருப்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரு சாரார் எல்லாமே விஷம் என்றார்கள், மறு சாரார் எல்லாமே சதி என்றார்கள். பேட்ச் என்ற அலகிலேயே யோசிக்கப் பழகாத சமூகத்துக்கு இந்த இரண்டைத் தவிர வேறு வழி இல்லை. 2024 ஏப்ரலில் ஹாங்காங்கும் சிங்கப்பூரும் சில இந்திய மசாலாப் பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருப்பதாகச் சொல்லி அவற்றை விற்பனையிலிருந்து விலக்கியபோதும் இதே காட்சிதான். அங்கும் காலாவதி என்பது குற்றச்சாட்டாகவே இல்லை.

பேட்ச் எண் நிறுவனத்தின் சொந்தக் குறியீடு, அதை வாசிக்கச் சொல்வது சாமானியரிடம் கேட்கக்கூடிய காரியமா என்று கேட்பார்கள். அதற்கு இரண்டு பதில்கள். முதலாவது, புரிந்துகொள்ளத் தேவையே இல்லை. புகார் கொடுக்கும்போது அப்படியே பார்த்து எழுதிக் கொடுத்தால் போதும். பாக்கெட்டைப் பிரித்ததும் அந்த மூலையைக் கிழித்து எறியாமல் இருந்தால் அதுவே பெரிது. இரண்டாவது, பல குறியீடுகள் தோன்றும் அளவுக்குப் புதிரானவை அல்ல. எடுத்துக்காட்டுக்காக ஒரு மிளகாய்த்தூள் பாக்கெட்டைக் கற்பனை செய்துகொள்வோம்:

```
B.NO. 4207B2 16:42
PKD   JUL 2024
EXP   JUN 2025
```

பல தொழிற்சாலைகளில் வழங்கும் முறைப்படி வாசித்தால், முதல் இலக்கம் 4 ஆண்டின் கடைசி எண், அதாவது 2024. அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 207ஆம் நாள் என்றால், 2024 லீப் ஆண்டு ஆகையால் ஜூலை 25. சாதாரண ஆண்டாக இருந்தால் ஜூலை 26 என்று ஒரு நாள் தள்ளும். பி என்பது பிற்பகல் ஷிப்ட், 2 என்பது இயந்திரம், கடைசியில் இருப்பது மணி. மூன்று மாதத்துக்கு மேல் தாங்கும் பொருளுக்கு மாதமும் ஆண்டும் போட்டால் போதும் என்பதே விதி, நாள் போட வேண்டியதில்லை. எனவே கீழே இருக்கும் தேதி வெறும் ஜூலை என்று நின்றுவிடுகிறது. எந்த நாள், எந்த நேரம் என்பது மேல்வரியில்தான் இருக்கிறது.

இதிலிருந்து இன்னொரு பயனும் கிடைக்கிறது. பாக்கெட்டில் நாம் பார்க்கும் புள்ளிப் புள்ளியான எழுத்து பெரும்பாலும் இங்க்ஜெட் மை. கரைப்பானில் நனைத்த துணியால் துடைத்தால் சில உறைகளில் அது போய்விடும். பழைய சரக்கில் தேதியை அழித்து மறுபடி அடிக்கும் மோசடி இந்த வழியில்தான் நடக்கிறது. அப்படி ஒருவர் மேலே சொன்ன பாக்கெட்டில் பொட்டலமிட்ட மாதத்தை ஜனவரி 2025 என்று மாற்றினால், 4207 என்பது அதோடு ஒத்துப்போகாது. பேட்சையும் சேர்த்து மாற்றினால், உள்ளே இருக்கும் சிறு உறையின் எண்ணோ வெளிப்பெட்டியின் எண்ணோ காட்டிக் கொடுக்கும். எழுத்தின் பின்னால் பளபளப்பு மங்கிய திட்டு, வரிகளில் ஒன்று மட்டும் வேறு அளவில் இருப்பது, தேதியின் மேல் தேதி என ஸ்டிக்கர் ஆகியவையும் கேள்வி கேட்கத் தகுந்த அறிகுறிகள். ஆனால் அவசரப்பட்டுக் குற்றம் சாட்டவும் கூடாது. சில நிறுவனங்கள் வெறும் வரிசை எண்ணையே பேட்சாகப் போடுகின்றன, சில மாதத்துக்கு ஆங்கில எழுத்து வைத்திருக்கின்றன. ஒத்துப்போகாத எண் ஒரு சந்தேகமே தவிர சாட்சியம் ஆகாது.

தேதியை மட்டும் நம்புவதில் உள்ள பெரிய ஓட்டை மோசடியே இல்லாத இடத்தில் இருக்கிறது. விதி கேட்பது தயாரித்த தேதி அல்லது பொட்டலமிட்ட தேதி. இந்த 'அல்லது' சாதாரணமானதல்ல. மூட்டையாக வந்த மல்லியோ முந்திரியோ பேரீச்சையோ ஆறு மாதம் கிடங்கில் கிடந்துவிட்டு, இன்று கால் கிலோ பாக்கெட்டாகக் கட்டப்பட்டால், அதில் இன்றைய தேதிதான் இருக்கும். சட்டப்படி அது சரி. ஆனால் பொருளின் வயது இன்று தொடங்கவில்லை. தென்காசி மாவட்டத்துச் சிற்றூர்க் கடைகளில் ரப்பர் முத்திரையோ கையெழுத்தோ கொண்ட ஸ்டிக்கரோடு விற்கும் பொட்டலங்களில் பெரும்பகுதி இந்த வகை. அவற்றில் சிலவற்றில் மூன்று மாதத்துக்குள் பயன்படுத்தவும் என்று அச்சாகியிருக்கும், எந்த நாளிலிருந்து என்ற இடம் காலியாக இருக்கும். தொடக்கமில்லாத மூன்று மாதம் ஒருபோதும் முடியாது. அதைத் தேதி இருக்கும் பாக்கெட் என்று எண்ணிக் கூடையில் போடுகிறோம்.

எழுதும் முறையாலும் தேதி ஏமாற்றும். இந்திய விதிப்படி நாள், மாதம், ஆண்டு என்ற வரிசை. 05/06/25 என்றால் ஜூன் 5. அமெரிக்கப் பொருளில் அதுவே மே 6 ஆகிவிடும். கடையநல்லூர்ப் பக்கத்து வீடுகளுக்கு வளைகுடாவிலிருந்து வரும் மிட்டாய்ப் பெட்டிகளுக்குள் அமெரிக்கத் தயாரிப்பும் கலந்திருக்கும். இரண்டு எண்ணும் பன்னிரண்டுக்குள் இருந்தால் எது மாதம் என்று அந்தத் தேதியை வைத்தே தீர்மானிக்க முடியாது. தயாரித்த தேதியோடு சேர்த்துப் பார்த்து, இடையில் உள்ள காலம் அந்தப் பொருளுக்குப் பொருந்துகிறதா என்று கணக்கிட வேண்டும். மாதத்தை எழுத்தில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பாக்கெட்டே இல்லாத அல்வாவுக்கும் பால்கோவாவுக்கும் வருவோம். 2020 அக்டோபர் 1 முதல் தட்டில் வைத்து விற்கும் இனிப்புகளுக்கு அருகே பெஸ்ட் பிஃபோர் தேதியை எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் அந்தத் தேதி தட்டோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. அரைக் கிலோவைக் கட்டிக் கொடுத்த பொட்டலம் சென்னைக்குப் போய்ச் சேரும்போது அதில் எந்த எண்ணும் இருக்காது. நெய்யும் சர்க்கரையும் நிறைந்த அல்வா தாக்குப்பிடிக்கும், பால் இனிப்பு இரண்டாம் நாளே சந்தேகத்துக்கு உரியது. இந்த வேறுபாட்டை அறிந்தவர் தேதி இல்லாமலும் பிழைத்துக்கொள்வார். தேதி மட்டுமே கற்றவர் கையில் அந்தப் பொட்டலம் என்ன சொல்லும்?

கடைசியாக எளிமை பற்றிய மறுப்பு. மக்களுக்கு ஒரு விதிதான் மனதில் நிற்கும், தேதி என்ற அந்த ஒரு விதியையும் கலைத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்பார்கள். எளிய விதியின் பலத்தை நான் மறுக்கவில்லை. குழந்தைகளுக்கான பால்மாவு, பாக்கெட் பால், பன்னீர், குளிர்பதனத்தில் வைத்த இறைச்சி ஆகியவற்றுக்கு அந்த விதி அப்படியே இருக்கட்டும், இன்னும் கடுமையாகவே இருக்கட்டும். அங்கே மூக்கையும் நாக்கையும் நம்பக் கூடாது, ஏனெனில் நோய் தரும் கிருமிகள் பலவும் வாடை தருவதில்லை. உலர்பொருளுக்கு மட்டும் தேதியை ஒரு முன்னறிவிப்பாக எடுத்துக்கொண்டு, பார்த்து, முகர்ந்து முடிவு செய்யலாம். இதில் கற்க முடியாத நுட்பம் எதுவுமில்லை. அரிசியையும் பருப்பையும் வண்டு பார்த்து, நிறம் பார்த்து, கையில் அள்ளி முகர்ந்து வாங்கும் வழக்கம் இன்னும் அற்றுப்போகவில்லை. பாக்கெட் வந்ததும் அந்தப் பொறுப்பை நாம் அச்சுக்கு ஒப்படைத்தோம்.

எளிமைதான் வேண்டும் என்றால் அதைக் கேட்க வேண்டிய இடம் வேறு. ஆலங்குளம் பஸ் நிலையப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் பத்து மாத்திரை வாங்கினால், ரசீதில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பயரியும் அச்சாகி வரும். இரண்டு கடை தள்ளி மளிகைக் கடையில் இரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கினாலும் அந்த எண்கள் வராது. 2022 ஜனவரி முதல் உணவு வியாபாரிகள் தங்கள் பதினான்கு இலக்க உரிம எண்ணை ரசீதில் போட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் மாநில அளவில் உரிமம் பெற்றவருக்கு அது 124 என்றும், பதிவு மட்டும் செய்துகொண்ட சிறு வியாபாரிக்கு 224 என்றும் தொடங்கும். இதனால் விற்றவர் யார் என்பது ரசீதில் இருக்கிறது, விற்றது எது என்பது இல்லை. சில்லறைக் கடையில் ஒவ்வொரு பொருளுக்கும் பேட்ச் அடிப்பது இன்றைக்கு நடக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மொத்த வியாபாரி சில்லறைக் கடைக்குத் தரும் பில்லில் பேட்ச் எண்ணைக் கட்டாயமாக்குவதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து ஒரு பத்தியில் எழுதினால் போதும். பிறகு ஒரு பேட்ச் கெட்டது என்று செய்தி வரும் நாளில், அது ஆலங்குளத்தில் எந்தெந்தக் கடைக்கு வந்தது என்பதை மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம் அந்தப் பில்களைப் புரட்டியே கண்டுபிடித்துவிடும். அடுத்த சீசன் சோதனைக்கு வரும் அதிகாரிகள் காலாவதி பாக்கெட்டுகளை எண்ணுவதற்கு முன், கடைக்காரரிடம் கொள்முதல் பில்லைக் கேட்கட்டும்.